மெயில் ஹேக் ஆன விஷயத்தைப் பார்ட்டிகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் ஏற்றுமதி நிறுவனம் எங்களுடையது. அக்கவுண்ட்ஸ் மெயிலுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். சாயப்பட்டறை, நிட்டிங், பிரிண்டிங், வெளிநாட்டு பையர் என எல்லோருடைய பில்லும் வங்கி விவரமும் அதில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது, என்ன எழுதுவது?

பதில்:

கடிதம் அப்புறம். முதலில் போனை எடுங்கள்.

அக்கவுண்ட்ஸ் மெயிலுக்குள் நுழைகிறவன் பெரும்பாலும் பணத்துக்காகத்தான் வருகிறான். சத்தமில்லாமல் உட்கார்ந்து எந்த இன்வாய்ஸுக்கு எப்போது பணம் வரவேண்டும் என்று படிப்பான். சரியான நேரம் பார்த்து, உங்கள் பெயரில் பையருக்கு “எங்கள் வங்கிக் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்று எழுதுவான். சாயப்பட்டறை பெயரில் உங்களுக்கும் அதே மாதிரி எழுதலாம். ஆகவே யாரிடம் முதலில் பேசுவது என்பதைப் பணம்தான் முடிவு செய்யும். இந்த வாரம் உங்களுக்குப் பணம் அனுப்பப் போகிற பையர் முதலில், நீங்கள் பணம் கொடுக்கவேண்டிய ஜாப் ஒர்க் பார்ட்டிகள் அடுத்து. போனில் இரண்டே வரி போதும்: “எங்கள் கணக்கு எண் மாறவில்லை. மாறியதாக மெயில் வந்தால் நம்பாதீர்கள்.” உங்கள் அக்கவுண்டன்டுக்கும் இதே கட்டளை. இன்று எந்தப் பார்ட்டியின் கணக்கு எண்ணையும் மாற்றக்கூடாது.

கடிதத்தை எக்காரணம் கொண்டும் அந்த மெயிலிலிருந்து அனுப்பாதீர்கள். உள்ளே வந்தவன் வழக்கமாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. invoice, payment, bank போன்ற சொற்கள் வரும் மெயில்களை, படித்ததாகக் குறியிட்டு, யாரும் திறந்தே பார்க்காத RSS Feeds ஃபோல்டருக்குத் தள்ளிவிடும்படி ஒரு ரூல் போட்டு வைப்பான். பார்ட்டி சந்தேகப்பட்டுக் கேட்கும் பதில் மெயில் உங்கள் கண்ணில் படவே படாது, பதில் சொல்வது அவனாக இருக்கும். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் அவன் போய்விடுவான் என்று எண்ண வேண்டாம். திறந்திருக்கும் எல்லா லாகினையும் வெளியேற்ற வேண்டும். ரூல், ஃபார்வர்டிங், மெயிலோடு இணைந்த ஆப்கள், ஓடிபிக்காகப் பதிவாகியிருக்கும் போன் எண்கள் எல்லாவற்றையும் பார்த்து, உங்களுடையது அல்லாததை நீக்க வேண்டும். நீக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் எழுதப்போகும் உண்மைகள் அதிலிருந்துதான் கிடைக்கும்.

இப்போது கடிதம். உள்ளூர் பார்ட்டிக்கு எழுதுவது ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்:

> ஐயா, வணக்கம்.
>
> எங்கள் அக்கவுண்ட்ஸ் மெயிலுக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்திருப்பதை 14ஆம் தேதி காலை 10.30 மணிக்குக் கண்டுபிடித்தோம். எங்களிடம் உள்ள பதிவுகளின்படி 8ஆம் தேதியிலிருந்தாவது அவர் உள்ளே இருந்திருக்கிறார். அதற்கு முந்தைய பதிவுகள் எங்களிடம் இல்லை.
>
> உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவற்றில் அந்த மெயிலில் இருந்தவை: ஏப்ரல் முதல் இன்றுவரை நீங்கள் அனுப்பிய பில்கள், கேன்சல்டு செக்கின் நகல், ஜிஎஸ்டி சான்றிதழ், உங்கள் மேனேஜரின் போன் எண். இவை எல்லாவற்றையும் அவர் பார்த்துவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
>
> அன்று மதியம் 1 மணிக்குள் அவரை வெளியேற்றி, மெயிலுக்கு இரண்டடுக்கு லாகின் போட்டுவிட்டோம். சைபர் கிரைமில் புகார் கொடுத்திருக்கிறோம். எங்கள் டேலி கணினியில் இதுவரை பார்த்ததில் யாரும் நுழைந்த தடயம் இல்லை, சோதனை தொடர்கிறது.
>
> நீங்கள் செய்யவேண்டியது: எங்கள் பெயரில் வங்கிக் கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். 8ஆம் தேதிக்குப் பின் எங்களிடமிருந்து வந்த மெயில்களில் ஏதாவது லிங்க்கைத் திறந்து பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். சந்தேகமான மெயிலை அழிக்காமல் வைத்திருங்கள்.
>
> அடுத்த தகவலை 18ஆம் தேதி மாலைக்குள் தருகிறோம்.

இந்தக் கடிதத்தில் நான் விட்டுக்கொடுக்காத வரி “முந்தைய பதிவுகள் எங்களிடம் இல்லை” என்பது. மைக்ரோசாஃப்ட் மெயில் என்றால், அடிப்படை லைசென்ஸில் லாகின் பதிவு 7 நாள்தான் நிற்கும். கூடுதல் பணம் கட்டும் லைசென்ஸில் 30 நாள். உங்கள் பதிவு 8ஆம் தேதியில் தொடங்குகிறது என்பதற்காக அவன் 8ஆம் தேதிதான் வந்தான் என்று ஆகிவிடாது. இதை மறைத்து “தகவல் திருடப்பட்டதற்கு எந்த ஆதாரமும் இல்லை” என்று எழுதச் சொல்பவர்கள் இருப்பார்கள். கேமராவே இல்லாத குடோனில் திருடன் வந்த படம் இல்லை என்று சொல்வது மாதிரி அது. அடுத்த மாதம் அவர்களுடைய பழைய பில் ஒன்று போலி மெயிலோடு வந்து நிற்கும்போது, நீங்கள் சொன்ன மற்றதையும் நம்பமாட்டார்கள்.

“எல்லாமே போய்விட்டது” என்று பதறி எழுதவும் வேண்டாம். ஒவ்வொரு பார்ட்டிக்கும் அவருடையது என்ன இருந்தது என்பதை மட்டும், பெட்டியில் அவர் பெயரைத் தேடிப் பார்த்து எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத கடிதத்தால் அவருக்குப் பயனில்லை. கேன்சல்டு செக் போனவருக்கும் வெறும் டெலிவரி சலான் போனவருக்கும் எச்சரிக்கை ஒன்றாக இருக்க முடியாது. கடிதத்தைத் தனித்தனியாக அனுப்புங்கள். எல்லோரையும் சிசியில் போட்டு ஒரே மெயிலாக அனுப்பினால், உங்கள் பார்ட்டி பட்டியல் முழுவதையும் நீங்களே வெளியே கொடுத்ததாகிவிடும். அட்டாச்மென்ட், லிங்க் எதுவும் அதில் வேண்டாம். போன் எண்ணையும் அதில் எழுதாதீர்கள். இதே கடிதத்தைக் காப்பியடித்து அவன் தன் எண்ணைப் போட்டு அனுப்பலாம்.

பையருக்கு எழுதுமுன் வென்டார் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இத்தனை மணி நேரத்துக்குள், இந்த முகவரிக்குத் தெரிவிக்கவேண்டும் என்று தனி ஷரத்து இருக்கலாம். மெர்ச்சன்டைசரிடம் வாட்ஸ்அப்பில் சொன்னது அந்தக் கணக்கில் சேராது. ஐரோப்பிய பையர் என்றால் இன்னொரு விஷயம். அவருக்காக நீங்கள் வைத்திருந்த தனிநபர் விவரம் போயிருந்தால், ஜிடிபிஆர் சட்டப்படி தாமதமில்லாமல் அவருக்குச் சொல்லவேண்டும். அவர் தன் நாட்டு அதிகார அமைப்புக்குத் தெரிவிக்க, விஷயம் தெரிந்ததிலிருந்து 72 மணி நேரம்தான். அதனால் யாருடைய பெயர், மெயில், போன் எண் இருந்தன என்பதைத் தனிப் பத்தியாக எழுதிக் கொடுங்கள். விலை விவரமும் டெக் பேக்கும் போயிருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். அவருக்கு அது வியாபார ரகசியம்.

இந்தியாவில், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட ஊடுருவலைக் கண்டதிலிருந்து 6 மணி நேரத்துக்குள் incident@cert-in.org.in என்ற முகவரிக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிந்தவரை எழுதி அனுப்பினால் போதும், மீதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இதைச் செய்துவிட்டீர்கள் என்றால் பையருக்கான கடிதத்தில் அனுப்பிய நேரத்தைக் குறிப்பிடுங்கள். அவர்களுடைய ஐடி பிரிவு எப்படியும் கேட்கும்.

போன் செய்யும்போதே “நேற்றே புதுக் கணக்குக்கு அனுப்பிவிட்டோமே” என்று யாராவது சொன்னால், கடிதத்தை அப்படியே வைத்துவிடுங்கள். உள்ளூர்ப் பணம் என்றால் அனுப்பியவர் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் தன் வங்கிக்கும் சொல்லவேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால் பையர் தன் வங்கியில் அந்த ஸ்விஃப்ட் பரிமாற்றத்தைத் திரும்ப அழைக்கச் சொல்லவேண்டும், தன் ஊர் போலீஸிலும் புகார் கொடுக்கவேண்டும். அவன் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றுமுன் பிடித்தால்தான் உண்டு. அவன் அனுப்பிய மெயிலை ஃபார்வர்டு செய்யாமல் ஃபைலாகச் சேமித்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்வர்டு செய்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஹெட்டர் போய்விடும். உங்கள் பெட்டியிலிருந்தே போனதா, m இருக்கவேண்டிய இடத்தில் rn போட்ட போலி டொமைனிலிருந்து போனதா என்பது அதில்தான் தெரியும். பிறகு நஷ்டம் யாருடையது என்று பேச்சு வரும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் கேள்விதான்.