அதிகாரம்–ஆர்வம் கட்டத்தில் நூலக ஆசிரியையை எங்கே போடுவது?

"ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நூலகம் அமைக்கிறோம். நூலகத்துக்குப் பொறுப்பான ரீச்சருக்கு அதிகாரம் குறைவு, ஆர்வம் கூட. தகவல் மட்டும் சொன்னால் போதுமா?"

போதாது. ஒரு வேலையோடு தொடர்புள்ள ஒவ்வொருவரையும் அதிகாரம் எவ்வளவு, ஆர்வம் எவ்வளவு என்று பார்த்து நாலு பெட்டிக்குள் போடுவதுதான் இந்தக் கட்டம். பதவியைப் பார்த்து அதிகாரத்தை அளந்தால் வரும் பிழைதான் இது, நாங்களும் வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதையே விட்டோம். அதிபரையும், காசு அனுப்பிய கனடா பழைய மாணவர்களையும் இரண்டும் கூடிய மூலையில் போட்டு வாராவாரம் கதைத்தோம், வலயக் கல்விப் பணிமனை அதிகாரம் கூடிய, ஆர்வம் குறைந்த பெட்டிக்குள், அதற்கு அனுமதிக் கடிதமும் இடைக்கிடை ஒரு அறிக்கையும் போதும். ரீச்சருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி மட்டும்.

திறப்பு விழா முடிந்து இரண்டு மாதமாகியும் அலுமாரிகள் பூட்டியே கிடந்தன. ஏனென்று கேட்டால், புத்தகம் தொலைந்தால் பொருட்பதிவேட்டில் கையெழுத்து வைத்த அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். சரிதானே!

அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் எது நிற்கும்? காசு நின்றாலும் அதிகாரம், சாவி நின்றாலும் அதிகாரம். ரீச்சரை மேல் மூலைக்கு ஏற்றி, கிழிவதையும் தொலைவதையும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்கும் என்று கூட்டக் குறிப்பில் எழுதிய பிறகுதான் பிள்ளைகள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

கட்டத்தை அதிபர் மேசையில் விட்டுவிடாதீர்கள், "ஆர்வம் குறைவு" என்று தன் பேரைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும்.