சிங்கள போர்டு போட்டோல ஊர் பேரை கண்டுபிடிக்கிறது எப்படி?

கேள்வி: கொழும்புல இருந்து மாத்தறை வரைக்கும் கார்ல போனப்ப எடுத்த கடை போர்டு போட்டோ நிறைய இருக்கு, பாதிக்கு மேல சிங்களம் மட்டும்தான். ஊர் பேரெல்லாம் காதால கேட்டது மட்டும் தெரியும். எது எந்த ஊர்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

நீங்க போன ரூட்டே பெரிய உதவி, ஏன்னா காலி ரோட்டுல ஊர் வரிசை மாறவே மாறாது, மொறட்டுவை, பாணந்துறை, களுத்துறை, பேருவளை, அளுத்கம, பெந்தோட்டை, அம்பலாங்கொடை, ஹிக்கடுவை, காலி, வெலிகம, மாத்தறை. போட்டோவை எடுத்த டைம்படி அடுக்கிட்டாலே ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு பேர்தான் சந்தேகத்துல மிஞ்சும். அரசாங்கம் வெச்ச ஊர் பலகைல பெரும்பாலும் மூணு மொழியும் இருக்கும், அப்படி ஒண்ணு கிடைச்சா அதை தனியா எடுத்து வைங்க, கடைசில சரிபார்க்க அதுதான் வேணும்.

கடை பேரை விட்டுடுங்க, போர்டுல கீழ பொடி எழுத்துல இருக்கிற அட்ரஸ் வரியை ஜூம் பண்ணுங்க. முதல்ல கொழும்பு. 01ல இருந்து 15 வரை அந்த ஊருக்கு வட்டார நம்பர் இருக்கு, காலி ரோடு 03, 04, 06 வழியா போகுது. அதனால 03, 04னு முடியற வரில அந்த நம்பருக்கு முன்னாடி இருக்கிற சொல் அநேகமா கொழும்புதான். சிங்களத்துல அது கொளம்ப, மொத்தம் மூணே எழுத்து. முதல் எழுத்து நம்ம கொ மாதிரியே இடது பக்கம் ஒரு கொம்பு, நடுவுல எழுத்து, வலது பக்கம் ஒரு கால். கொம்பையும் காலையும் எடுத்துட்டா மிஞ்சறது க. அடுத்தது ள. கடைசி எழுத்து ம், ப ரெண்டும் சேர்ந்த ஒலிக்கு ஒரே எழுத்து, அங்க ம் தனியா இருக்கும்னு தேடினா கிடைக்காது.

அதுக்கு முன்னாடி திரும்பத் திரும்ப வர்ற ரெண்டு சொல் காலு பார, அதாவது காலி ரோடு. பார சொல்லுல ப, கால், ர. இந்த ர கிடைச்சதும் வேலை சூடு பிடிக்கும், ஏன்னா பானதுர, களுதர, மாதர மூணும் அதே ர-ல தான் முடியும். பானதுர மேல பார மாதிரியே ப, கால்னு ஆரம்பிக்கும். களுதர, மாதர ரெண்டுக்கும் கடைசி ரெண்டு எழுத்து ஒண்ணு, அதுல இருந்து த வந்துடும். மாதர-ல முதல் எழுத்துக்கு பின்னாடி கால் இருக்கும், அப்ப அந்த முதல் எழுத்துதான் ம. களுதர-ல முதல் எழுத்து கொழும்புல கொம்பை கழட்டிட்டு எடுத்த அதே க-வான்னு பாருங்க, ஒத்துப்போச்சுன்னா நீங்க போற வழி சரி.

தமிழ் ஆளுங்க மாட்டிக்கற இடம் இதுதான். நமக்கு காலி, கொழும்பு, களுத்துறை மூணும் க-ல ஆரம்பிக்குது, ஆனா சிங்களத்துல காலிக்கு முதல் எழுத்து வேற, அது கங்கைல முதல்ல வர்ற க, மத்த ரெண்டும் கல்லுல வர்ற க. ஒரே எழுத்தை தேடினா காலி போர்டு கண்ணு முன்னாடி இருந்தும் தப்பிடும். ப, ட, த மூணுக்கும் இதே கதை. பாணந்துறைக்கும் பெந்தோட்டைக்கும் முதல் எழுத்து வேற வேற. காலியை இன்னொரு வழியா பிடிக்கலாம், ஊர் பேரா வரும்போது அதை சிங்களத்துல 'கால்ல'ன்னு எழுதுவாங்க, கடைசில ஒரே எழுத்து ரெண்டு தடவை பக்கத்துல பக்கத்துல வரும், முதல்ல வர்றதுக்கு மட்டும் மேல வலது ஓரத்துல கொடி மாதிரி ஒரு சுழி இருக்கும், அது நம்ம புள்ளிக்கு சமம். ஓடற வண்டில எடுத்த போட்டோல முதல்ல மங்கிப்போறது இந்த சுழிதான். சில எழுத்துக்கு இந்த குறி வேற வடிவத்துல வரும், அம்பலாங்கொடைல ம் மேல இருக்கிறதும் ன் மேல இருக்கிறதும் ஒண்ணு போல இருக்காது. அதே மாதிரி பேருவளைல வர்ற ரு, உகரத்துக்கு தனி உருவம் எடுக்கும், நம்ம கு, ரு, து ஒவ்வொண்ணும் வேற மாதிரி இருக்கிற மாதிரி. அதை ர-னு எதிர்பார்த்து குழம்பிடாதீங்க.

ட்ரிப் இந்த ரோட்டை தாண்டி போயிருந்தா ஒலியை மட்டும் நம்ப முடியாது. கண்டி அங்க மஹநுவர, நீர்கொழும்பு மீகமுவ, சிலாபம் ஹலாவத, எத்தனை எழுத்து தெரிஞ்சு வெச்சிருந்தாலும் கண்டின்னு தேடினா போர்டுல கிடைக்காது. யாழ்ப்பாணம் யாபனய, மட்டக்களப்பு மடகலபுவ, இதெல்லாம் பாதி ஒலியாவது மிஞ்சும், வால்ல ய, வ ஒட்டியிருக்கும்னு தெரிஞ்சா போதும். மத்ததுக்கு போட்டோவோட லொகேஷனை திறந்து, மேப்ல அந்த ஊருக்கு சிங்களத்துல என்ன எழுதியிருக்குன்னு போர்டு பக்கத்துல வெச்சு பாருங்க.