பொருத்துக்கூலியைச் செலவில் எழுதினால் இலாபம் எவ்வளவு மாறும்?

“புது மெஷினைப் பொருத்திய கூலி 60,000. கூலிக் கணக்கில் எழுதிவிட்டேன். இலாபம் 60,000 குறைந்துவிட்டதா?”

இல்லை, 54,000தான் குறைந்திருக்கும். மெஷின் வருட ஆரம்பத்திலேயே ஓடத் தொடங்கியது, ஆயுள் 10 வருடம், நேர்கோட்டுத் தேய்மானம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கூலி மெஷினின் அடக்கவிலையில் சேர வேண்டிய மூலதனச் செலவு. சேர்த்திருந்தால் இந்த வருடம் 6,000 தேய்மானமாகப் போயிருக்கும். சேர்க்காததால், அடுத்த 9 வருடமும் இலாபம் வருடத்துக்கு 6,000 கூடுதலாகத் தெரியும்.

பெரும்பாலும் ரசீதில் ‘கூலி’ என்று இருப்பதைப் பார்த்தே கை தானாக அங்கே எழுதிவிடும். நானும் செய்திருக்கிறேன்.

கூலிப் பேரேட்டில் பெரிய தொகைகளை மட்டும் எடுத்து, தேதியை மெஷின் ஓடத் தொடங்கிய நாளோடு ஒப்பிடுங்கள். அதற்கு முந்தையவை சந்தேகத்துக்குரியவை.

மாற்றுப்பதிவு: மெஷின் கணக்கு பற்று, கூலிக் கணக்கு வரவு. அப்புறம் தேய்மானம். கணக்கை ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்றால் இப்படிச் செய்யாதீர்கள். அது முந்தைய ஆண்டுப் பிழைத் திருத்தம்.