அலுவலகத்துக்குள் புகார் கொடுத்தாலும் வெளியே நாட்கள் ஓடும்

கேள்வி: பாகுபாடு காட்டி வேலையை விட்டு அனுப்புகிறார்கள். மனிதவளத் துறையிடம் புகார் கொடுத்திருக்கிறேன். வெளியே எங்கே, எத்தனை நாளுக்குள் போகலாம்?

இடமும் கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாகத் தொழிலாளர் துறையோ, சமவாய்ப்பு ஆணையமோ, தொழிலாளர் நீதிமன்றமோ இருக்கும். பலர் தவறுவது வேறோர் இடத்தில்: நாள் எப்போது தொடங்குகிறது என்பதில்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே இனம், பாலினம், மதம் போன்ற காரணங்களால் பாகுபாடு நடந்தால், கூட்டாட்சி சமவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாளுக்குள் புகார் தர வேண்டும். அதே வகைப் பாகுபாட்டைத் தடுக்கும் மாநில அமைப்பு இருந்தால் 300 நாள்.

உங்களிடம் ஜனவரி 10 அன்று, "ஏப்ரல் 30தான் உங்கள் கடைசி நாள்" என்கிறார்கள். ஏப்ரலிலிருந்து எண்ணினால் அக்டோபர் 27 வரை நேரம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் 180 நாள் ஜூலை 9 அன்றே முடிந்துவிடும். முடிவைத் தெரிவித்த நாள்தான் கணக்கு என்று 1980இல் ரிக்ஸ் என்ற கல்லூரி ஆசிரியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உள் முறையீடு நிலுவையில் இருந்தாலும் கெடு நிற்காது என்றும் சொன்னது. கொஞ்சம் கொடுமைதான்.

சம்பளப் பாகுபாடு மட்டும் வேறு: குறைத்துத் தரும் ஒவ்வொரு சம்பளமும் புதுக் கணக்கு. 2009 சட்டத்துக்குப் பிறகு இப்படி.

சரி, உங்களுக்கு: முடிவைச் சொன்ன மின்னஞ்சலின் தேதியைப் பாருங்கள். மனிதவளத் துறையின் பதிலுக்குக் காத்திராமல், உங்கள் நாட்டுக் கெடுவை அதிலிருந்து எண்ணுங்கள்.