டீ மேக்கர் உங்கள் பக்கத்தில் எதைத் தேடுகிறார்?

கேள்வி: குன்னூர் பக்கம் சின்ன அளவில் ஆர்த்தடாக்ஸ் தேயிலை தயாரித்து நேரடியாக விற்கிறோம். இரண்டு வருடத்தில் 7 பேரிலிருந்து 16 பேர் ஆகியிருக்கிறோம். இப்போது தேயிலைப் பக்குவத்தைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஒரு டீ மேக்கரும், ஆன்லைன் ஆர்டர்களைக் கவனிக்க ஒருவரும் வேண்டும். எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தோட்டம், பனிமூட்டம், பொங்கல், பிறந்தநாள் கேக் எல்லாம் போடுகிறோம். லைக் நிறைய வருகிறது, ஆனால் வேலை கேட்டு ஆள் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் "சீசன் வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கே வேலை செய்கிற சூழல் நல்லது என்பதைப் பதிவுகளில் எப்படிக் காட்டுவது?

பதில்: நீங்கள் போடுகிற படங்கள் தேயிலை வாங்குகிறவர்களுக்கானவை. பனிமூட்டம் அவர்களுக்குப் புதுசு. இருபது வருடமாகத் தொழிற்சாலையில் நிற்கிற டீ மேக்கருக்கு அதே பனிமூட்டம் கொழுந்து வாட லேட்டாகும் ராத்திரி என்று அர்த்தம். கேக் வெட்டுகிற படத்திலும் அவருக்கு வேண்டிய செய்தி எதுவும் கிடையாது, கேக் எல்லா இடத்திலும்தான் வெட்டுகிறார்கள்.

இப்போது இருக்கிற வேலையை விட்டு 16 பேர் உள்ள இடத்துக்கு வருவதா என்று யோசிக்கிறவர் மனதில் முதலில் நிற்கிற கேள்வி, இங்கே என் சொல் எடுபடுமா என்பதுதான். இலையை முறுக்குகிற ரோலரை எப்போது ஓட்டுவது என்று டீ மேக்கர் ஒன்று சொல்ல, அனுப்ப வேண்டிய அவசரத்தில் மேலிருந்து வேறொன்று சொல்ல, சரக்கு கெட்டதும் பழி டீ மேக்கர் மேல் விழுவது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் பழகிப்போன மனக்கசப்பு. உங்கள் இடத்தில் அப்படி நடக்காது என்றால் அதைக் காட்டுங்கள். "எங்களிடம் முழு சுதந்திரம் உண்டு" என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு நாள் நடந்த ஒரு முடிவைக் காட்டினால் நம்புவார்கள்.

உதாரணத்துக்கு மழைக்காலத்து ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஜூன், ஜூலையில் நனைந்த கொழுந்து வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே ஒட்டியிருக்கிற தண்ணீர் போன பிறகுதான் இலை உள்ளே வாடத் தொடங்கும், அதனால் வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு ரோலரில் போட்டால் இலை முறுக்கிக்கொள்ளாமல் உடைந்து தூளாகும். அப்படி ஒரு நாள் வரும்போது போனை எடுத்து இரண்டே படம் எடுங்கள். ஒன்று, டீ மேக்கர் வாட்டும் தொட்டியிலிருந்து ஒரு கை கொழுந்தை அள்ளி அழுத்திப் பார்க்கிற கை. நன்றாக வாடிய கொழுந்து உருண்டையாக நிற்கும், காம்பு ஒடியாமல் வளையும். முகம் தேவையில்லை, உள்ளங்கையில் இருக்கும் இலை தெளிவாகத் தெரிந்தால் போதும். இன்னொன்று, வாட்டுப் பதிவேட்டில் அன்றைய பக்கம், அவருடைய கையெழுத்திலேயே. அதற்குக் கீழே இப்படி எழுதலாம்:

"நேற்று மாலை 5 மணிக்கு வந்த கொழுந்து நனைந்திருந்தது. காலை 6 மணிக்கு ரோலர் ஓட வேண்டியது. டீ மேக்கர் பார்த்துவிட்டு 9 மணிக்கு முன்னால் முடியாது என்றார். 9 மணிக்குத்தான் ஓடியது. அன்றைய பார்சல் ஒரு நாள் தள்ளிப்போனது. வாடிக்கையாளர்களிடம் ஆபீஸிலிருந்து பேசிக்கொண்டோம். ராத்திரி தங்கிப் பார்த்தவருக்கு இன்று விடுமுறை."

இந்த ஏழு வரியில் தொழில் தெரிந்தவர் படிக்கிறது நிறைய. முடிவு டீ மேக்கருடையது, தாமதத்துக்கு அவரைத் திட்டவில்லை, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது ஆபீஸ் வேலை, பதிவேடு ஒழுங்காக இருக்கிறது, ராத்திரி விழித்தால் மறுநாள் ஓய்வு. ஒரு பாராட்டு வார்த்தைகூட இல்லாமல் இத்தனையும் தெரிந்துவிடுகிறது. நேரங்களை மட்டும் உங்கள் பதிவேட்டில் இருக்கிறபடியே போடுங்கள். 9 மணி 40 நிமிடம் என்றால் அப்படியே இருக்கட்டும், அழகுக்காக மாற்றினால் தொழில்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

பதிவு போடுவதற்கு முன் இதை மூன்று பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்: டீ மேக்கர் பக்கத்தில் நிற்பவர், ராத்திரி வேலை பார்ப்பவர், கடைசியாகச் சேர்ந்தவர். அவர்கள் சிரித்தாலோ ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டாலோ அந்தப் பதிவு போகக்கூடாது. உங்கள் இடத்தில் உண்மையிலேயே அவசரத்துக்கு ரோலரை முன்கூட்டி ஓட்டச் சொல்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், இரண்டு மாதம் கழித்துப் பதிவு போடலாம். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். வருகிறவர் உங்களிடம் பேசுவதற்கு முன்பே உங்கள் ஆளிடம் போனில் விசாரித்துவிடுவார். பதிவில் இருப்பதும் அவர் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும்.

"சீசன் வேலையா?" என்ற கேள்வியைக் குறையாக நினைக்க வேண்டாம். வரத்து குறைகிற மாதத்தில் என்ன நடக்கும் என்று எங்கேயும் நீங்கள் சொல்லாததால் வருகிற கேள்வி அது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து குறையும்போது உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ரோலரைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்களா, ட்ரையர் பழுது பார்க்கிறார்களா, பேக்கிங் பக்கம் போகிறார்களா? அந்த வேலையைப் படம் எடுத்து, "கொழுந்து குறைந்த மாதத்திலும் முழுச் சம்பளம், ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு விடுமுறை" என்று ஒரு வரி போடுங்கள். சம்பளம் குறையும் என்றால் எவ்வளவு என்று அதையும் சொல்லிவிடுங்கள். சேர்ந்த பிறகு தெரிந்தால் மார்ச் மாதம் ஆள் இருக்கமாட்டார்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் பி.எஃப். பணியாளர் எண்ணிக்கை 20 ஆனால்தான் பி.எஃப். கட்டாயம். நீங்கள் 16 பேர். பெரிய தொழிற்சாலையிலிருந்து வருகிறவருக்கு அங்கே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், உங்களிடம் வந்தால் நின்றுபோகுமோ என்பது நியாயமான பயம். முதலாளியும் பெரும்பாலான பணியாளர்களும் சம்மதித்தால் 20 பேர் இல்லாமலேயே தானாக முன்வந்து சேரலாம். சேர்ந்திருந்தால் அதைப் பதிவில் முன்னால் சொல்லுங்கள். இல்லையென்றால் "இப்போது இல்லை" என்று சொல்லுங்கள். மௌனமாக இருந்தால் கேட்கத் தயங்கியே பலர் விலகிவிடுவார்கள். சம்பளத்தையும் "தகுதிக்கேற்ப" என்று விடாமல், எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று எண்ணில் போடுங்கள். குவார்ட்டர்ஸ் உண்டென்றால் வெளிப்பக்கத்தைவிடச் சமையலறையையும் வெந்நீர் வசதியையும் காட்டுங்கள், இந்தக் குளிரில் குடும்பத்தோடு வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆன்லைன் ஆர்டர் வேலைக்கு வருகிறவர் வேறு ஆள். பெரும்பாலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் படித்து, கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊருக்குத் திரும்ப முடியுமா என்று பார்க்கிறவராக இருப்பார். அவருடைய கவலை நேரம் சம்பந்தப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தால் யார் பதில் சொல்வது, மாலை கூரியர் போன பிறகு வேலை முடிந்ததா, கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று யோசிப்பார். ஆர்டர் மேசையின் ஒரு நாளை 40 விநாடி வீடியோவாக எடுங்கள்: காலையில் வந்த ஆர்டர் பட்டியல், லேபிள் ஒட்டுவது, கூரியர் வண்டி கிளம்புவது, கம்ப்யூட்டரை அணைக்கிற நேரம் சுவர்க் கடிகாரத்தில். கோயம்புத்தூர் சம்பளம் உங்களால் கொடுக்க முடியாது என்றால் மறைக்க வேண்டாம், தொகையைப் போட்டுவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பதையும் காட்டுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்தான் வந்து நிலைப்பார்.

எங்கே போடுவது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஆர்டர் வேலைக்கு இன்ஸ்டாகிராமும் லிங்க்ட்இன்னும் சரி. டீ மேக்கர் உங்கள் பக்கத்தை ஒருநாளும் திறக்காமலே இருக்கலாம், அவருக்குச் செய்தி இன்னொரு டீ மேக்கரின் வாட்ஸ்அப்பிலிருந்துதான் போகும். அதனால் அதே பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி ஒரே படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். போன் நம்பரும் வேலையின் பெயரும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும், நாலு பேர் கைமாறும்போது கீழே எழுதியது காணாமல்போகும். ஸ்டேட்டஸில் மட்டும் வைத்தால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஆள் தேவை என்ற அறிவிப்புக்கு முந்தைய நான்கு வாரத்தில் ஐந்தாறு பதிவு போதும், தினமும் போட ஆரம்பித்தால் மறுபடி கேக் படத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள். நனைந்த கொழுந்து, குறைந்த மாதம், ஆர்டர் மேசை ஆகிய மூன்றையும் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வையுங்கள். இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவு வரை அப்படி நிறுத்தலாம். அறிவிப்பைப் பார்த்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அவையாக இருக்கும்.

படத்தில் வருகிறவர்களிடம் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கேட்கிறவர் முதலாளி என்பதற்காக "சரிங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு, அதனால் கேட்கிற பொறுப்பைக் கூட வேலை செய்கிற ஒருவரிடம் கொடுங்கள். வேண்டாம் என்றவரின் கை மட்டும் வரட்டும். வேலையை விட்டுப் போனவர் கேட்டால் அன்றே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, பதிவேற்றும் முன் படத்தின் ஓரங்களைப் பாருங்கள். மூடி இல்லாத பெல்ட், தலையுறை போடாத தலை, தரையில் கிடக்கிற தேயிலை இவற்றைத் தொழில் தெரிந்தவர் கண் உடனே பிடிக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் படத்தை வெட்டிச் சமாளிக்காமல் பெல்ட்டுக்கு மூடி போடுங்கள்.

பலன் இருக்கிறதா என்பதை லைக்கில் பார்க்க முடியாது. ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, யார் பேசினார், எந்தப் பதிவைப் பார்த்தார், முதலில் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அடுத்த பதிவு அதுதான். "சீசன் வேலையா?" போய் "வாட்டும் தொட்டி எத்தனை?" என்று கேட்க ஆரம்பித்தால் சரியான ஆட்களிடம் பதிவு போய்ச் சேர்ந்திருக்கிறது.

பிடித்தவரை நேரில் அழைக்கும்போது கொழுந்து வருகிற மாலை நேரத்துக்கே வரச் சொல்லுங்கள், ஒரு ராத்திரி தங்கி மறுநாள் ரோலர் ஓடுவது வரை இருக்கட்டும், அந்த நாளுக்குக் கூலியும் கொடுங்கள். பதிவில் காட்டிய அதே பதிவேட்டை அவர் கையில் கொடுத்துப் புரட்டிப் பார்க்க விடுங்கள். மாவட்டத்துக்கு வெளியிலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர் என்றால் நீலகிரிக்குள் வர இ-பாஸ் தேவையா என்று பார்த்துவிட்டுக் கிளம்பச் சொல்ல மறக்க வேண்டாம்.