ஒரே கரு, வேறு கை

வணக்கம் ஐயா. எங்களுக்கு ஆறு வயதில் இரட்டைப் பெண் குழந்தைகள். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்று டாக்டர் சொன்னார். மூத்தவள் வலக்கை, இளையவள் இடக்கை. இரு குடும்பத்திலும் இடக்கைக்காரர் யாரும் இல்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நான் இடப்பக்கமாகவே படுத்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். கரு பிரிந்தபோது ஒருத்தி மற்றவளின் கண்ணாடிப் பிம்பமாகிவிட்டாளா? அடுத்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றுக்குப் போகிறார்கள். அதற்குள் எழுதுவதையும் சாப்பிடுவதையும் வலக்கைக்கு மாற்றிப் பழக்கி வருகிறோம்.
– கே., செங்காங்

அன்புள்ள கே.,

மாமியார் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடைசி மாதங்களுக்கு வெகு முன்பே கை ஒரு பக்கம் சாயத் தொடங்கிவிடுகிறது. பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் குழுவினர், கருவில் கட்டைவிரல் சப்பியதை ஸ்கேனில் பார்த்திருந்த 75 குழந்தைகளை அவர்கள் வளர்ந்த பிறகு தேடிப் பார்த்து 2005இல் எழுதினார்கள். வல விரல் சப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்களாக இருந்தார்கள். இட விரல் சப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கை, 5 பேர் வலக்கை.

கண்ணாடிப் பிம்பக் கதை கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஏறக்குறைய ஐந்து ஜோடிக்கு ஒரு ஜோடி கையில் வேறுபடுகிறது. தனித்தனிக் கருக்களில் உருவாகி, எதுவும் பிரியாமலே பிறந்த இரட்டையரிலும் இந்த அளவு சற்றே அதிகம், அவ்வளவுதான். பிரிவதுதான் காரணமென்றால் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கிலேயே இன்னும் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுச் சண்டைக்கான பதில் இதில்தான் இருக்கிறது. உலகில் பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். 100 ஜோடி இரட்டையருக்கு, அதாவது 200 குழந்தைகளுக்கு, யாருடைய கைக்கும் யாருடைய கைக்கும் தொடர்பில்லாமல் பத்துக்கு ஒன்று என்று சீட்டுக் குலுக்கிக் கொடுத்தால், சுமார் 18 ஜோடிகளில் ஒருவர் இடம், மற்றவர் வலம் என்று விழும். உண்மையில் காண்பதும் ஏறக்குறைய அதேதான். மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும், கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கலின் விடையே கிடைக்கிறது. மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. இரட்டையர் ஆய்வுகள் அந்தப் பங்கைக் கால்வாசி என்று மதிப்பிடுகின்றன. 17 லட்சத்துக்கும் அதிகமானோரின் மரபணுக்களை அலசி 2020இல் வெளிவந்த ஆய்வு, இடக்கைப் பழக்கத்தோடு தொடர்புள்ள 41 இடங்களைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றும் வாய்ப்பை இம்மியளவே நகர்த்துகிறது. ஆகவே இரண்டு குடும்பத்திலும் இடக்கைக்காரர் இல்லாததில் வியப்பேதும் இல்லை. இடக்கைக் குழந்தைகளில் பெரும்பாலோர் வலக்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர்களே.

மீதி முக்கால்வாசியில் ஒரே வீட்டில், ஒரே தாயிடம் வளர்வதன் பங்கு ஏறக்குறைய எதுவுமில்லை என்று அதே இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது நேரும் சின்னஞ்சிறு தற்செயல்களே மிச்சத்தின் பெரும்பகுதி என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. நீங்கள் படுத்த பக்கமும் சாப்பிட்ட உணவும் இதில் எங்கும் வரவில்லை, அம்மா.

ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் அக்காவையும் இப்படித்தான் மாற்றினார்கள். இடக்கையால் பென்சிலைத் தொட்டால் ஆசிரியை மரஅளவுகோலின் ஓரத்தால் விரல் முட்டியில் அடிப்பார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அப்பத்தா அவளுடைய இடக்கையைத் தன் முழங்காலுக்கு அடியில் பிடித்துக்கொள்வார். இன்று அறுபது வயதைத் தாண்டிய அக்கா வலக்கையால்தான் எழுதுகிறாள். ஊசியில் நூல் கோப்பதும், வெங்காயம் நறுக்குவதும், கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதும் இடக்கையால். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு அவளைப் போன்றவர்களைப் பற்றியது. சிறுவயதில் மாற்றப்பட்டுப் பல்லாண்டுகளாக வலக்கையால் எழுதிவந்தவர்கள் எழுதும்போது மூளையைப் படமெடுத்தார்கள். பிறவி வலக்கைக்காரர்களைவிட, இடக்கையை ஆளும் வலப்பக்க மூளையின் சில பகுதிகள் அவர்களிடம் கூடுதலாக இயங்கிக்கொண்டிருந்தன. கையை மாற்றினீர்கள், மூளை முழுவதும் மாறவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சுமை எதற்கு? பெரியவர்களுக்குப் பொருளை வலக்கையால் கொடு என்று மரியாதை சொல்லித் தருவது வேறு, அதை அவள் எளிதில் கற்றுக்கொள்வாள். சோற்றைப் பிசையும் கையையும் பென்சில் பிடிக்கும் கையையும் விட்டுவிடுங்கள்.

பள்ளி திறக்குமுன் செய்ய வேண்டியது வேறு. இடக்கைக்கென்றே செய்த கத்தரிக்கோல் ஒன்று வாங்குங்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையால் அழுத்தும்போது அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதால் தாள் வெட்டுப்படாமல் மடங்கும், வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைக்கும். எழுதும்போது நோட்டின் மேல்முனையை வலப்பக்கம் சாய்த்து, கை வரிக்குக் கீழே இருக்கும்படி பழக்குங்கள். அப்போதுதான் மணிக்கட்டை வளைக்க வேண்டியிராது, எழுதியது அழியாது. பள்ளியில் இரட்டையர் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தால் இளையவளை இடப்பக்கம் உட்கார வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் முதல் நாளே கேளுங்கள். இல்லையென்றால் இருவரின் முழங்கையும் நாளெல்லாம் இடித்துக்கொண்டிருக்கும்.