40-க்கு 20: கூடைப்பந்தில் பருவத் தொடக்க ஷூட்டிங் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

கார்த்திக்: எங்கள் ஆள் முதல் ஏழு ஆட்டத்தில் 40 மூன்று புள்ளி ஷாட் எறிந்து 20 போட்டிருக்கிறார். 50 சதவீதம்! இதில் எவ்வளவு நிஜம்?

பதில்: 38 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்பிஏ-வில் அண்மைப் பருவங்களின் லீக் சராசரி 36 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஒருவரைப் பற்றி வேறெதுவும் தெரியாதபோது, அவர் ஏற்கெனவே 240 ஷாட் எறிந்து லீக் சராசரிப்படி போட்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். அதாவது 86.4 விழுந்தது, 153.6 தவறியது. இதுதான் பிரையர். இதன் மேல் அவர் நிஜமாக எறிந்ததைக் கூட்டுங்கள். விழுந்தவை 106.4, மொத்தம் 280. வகுத்தால் 0.38.

50-லிருந்து 38-க்கு இறங்குவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். உண்மையில் 36 சதவீதத் திறன் மட்டுமே உள்ள ஒருவர், 40 ஷாட்டில் 20 அல்லது அதற்கு மேல் போட ஏறக்குறைய இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. இத்தனை ஷாட் எறிந்த சராசரி ஆட்டக்காரர்கள் 100 பேர் இருந்தால், நான்கைந்து பேர் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அங்கே போய் நிற்பார்கள். பட்டியலின் உச்சியில் நம் கண்ணில் படுவதும் அவர்கள்தான்.

மீனா: 240 எங்கிருந்து வந்தது? 100 என்று வைத்தால் விடை மாறிவிடுமே.

பதில்: மாறும். 100 வைத்தால் 40 சதவீதம் வரும். அதனால் இந்த எண்ணை ஊகிக்காமல் தரவிலிருந்து எடுக்க வேண்டும். முழுமையான ஒரு பழைய பருவத்தை எடுத்து, ஏறத்தாழ 200 ஷாட் எறிந்தவர்களைப் பிரித்துவையுங்கள். அவர்களுடைய சதவீதங்களின் திட்ட விலக்கம் 4.6 புள்ளி என்று வைப்போம் (எடுத்துக்காட்டு எண்தான், உங்கள் தரவில் நீங்களே கணக்கிடுங்கள்). வர்க்கம் 0.002116. எல்லோருக்கும் ஒரே திறன் இருந்தாலும் 200 ஷாட்டில் தற்செயலாக மட்டும் எவ்வளவு சிதறும்? 0.36 × 0.64 / 200 = 0.001152. கழித்தால் மிஞ்சுவது 0.000964. அதுதான் ஆளுக்கு ஆள் திறனில் உள்ள உண்மையான வேறுபாடு. திட்ட விலக்கமாகச் சொன்னால் 3.1 புள்ளி. இனி 0.36 × 0.64, அதாவது 0.2304-ஐ அந்த 0.000964-ஆல் வகுத்து ஒன்றைக் கழியுங்கள்: 238. அதைத்தான் 240 என்று முழுமையாக்கினேன்.

பலர் தவறுவது இந்தக் கழித்தல் படியில்தான். கழிக்காமல் 0.002116-ஐ அப்படியே போட்டால் பிரையரின் எடை 240 ஷாட்டிலிருந்து 108 ஆகச் சுருங்கிவிடும். அதிர்ஷ்டத்தையும் திறன் என்று எண்ணியதன் விளைவு அது. அறிகுறியும் தெளிவு: நவம்பரில் நீங்கள் கணித்த உச்ச ஆட்டக்காரர்கள் பருவத்தின் மீதியில் தொடர்ந்து கணிப்புக்குக் கீழேயும், கடைசியில் இருந்தவர்கள் மேலேயும் வந்தால் எடை போதவில்லை.

ரஃபீக்: அப்படியானால் 240 ஷாட் தாண்டியதும் பிரையரை விட்டுவிட்டு அவருடைய சொந்தச் சதவீதத்தையே எடுக்கலாம், சரிதானே?

பதில்: பாதி சரி. 240-இல் இரண்டு பக்கமும் சம எடைக்கு வருகின்றன, அவ்வளவுதான். அப்போது ஒருவர் 108 போட்டு 45 சதவீதத்தில் இருந்தால் மதிப்பீடு (86.4 + 108) / 480, அதாவது 40.5. சராசரியிலிருந்து அவர் விலகிய 9 புள்ளியில் பாதியை மட்டும் நம்புகிறோம். அந்த 40.5-க்கும் இரண்டேகால் புள்ளி திட்ட விலக்கம் இருக்கிறது. ஒரு ஷாட் எண்ணிக்கையில் பிரையரை வெட்டிவிட்டால், 239-ஆவது ஷாட்டில் 40.5 என்று சொன்ன நீங்கள் 241-ஆவதில் 45 என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பாலா: ஆக, 38-க்கு வந்து சேர அவர் இனிமேல் நிறையத் தவறவிடுவார் என்கிறீர்கள்.

பதில்: இல்லை. பழைய 20-ஐ யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. இனி எறிவதில் 38 சதவீதம் விழும் என்பதே எதிர்பார்ப்பு. பருவம் முழுக்க 400 எறிந்தால், மீதி 360-இல் 136.8 விழும், முதல் 20-ஐச் சேர்த்தால் 156.8, அதாவது 39.2 சதவீதம். "அவர் திறன் என்ன", "பருவ முடிவில் பலகையில் என்ன இருக்கும்" என்பவை வேறு வேறு கேள்விகள். இரண்டாவதற்கு 38 என்று பதில் சொன்னால் கணக்கு தப்பு.

ஜென்சி: நான் எங்கள் பெண்கள் அணிக்கு ஃப்ரீ த்ரோ பார்க்கிறேன். 12 பேர், ஆளுக்கு 30 ஷாட்போல. இதே 36, 240 போடலாமா அண்ணா?

பதில்: இரண்டையுமே போடாதீர்கள். ஃப்ரீ த்ரோவில் சராசரியும் வேறு, ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிக அதிகம். சராசரி 0.70, உண்மைத் திறனின் திட்ட விலக்கம் 10 புள்ளி என்று வைத்துப் பார்த்தால், 0.70 × 0.30, அதாவது 0.21-ஐ 0.01-ஆல் வகுத்து ஒன்றைக் கழிக்க எடை வெறும் 20. அந்த இடத்தில் 30 ஷாட்டே பிரையரை மிஞ்சிவிடும். ஆனால் 12 பேரை வைத்து அந்தத் திட்ட விலக்கத்தை எடுக்க முயலாதீர்கள். கழித்தலில் எதிர்மறை எண்கூட வரலாம். உங்கள் லீக்கின் மற்ற அணிகளையும், முந்தைய பருவங்களையும் சேருங்கள். விரிதாளில் B-யில் விழுந்தவை, C-யில் மொத்தம் இருந்தால்:

```
=(0.70*20+B2)/(20+C2)
```

சுந்தர்: லீக் சராசரி என்பதே ஷாட் எண்ணிக்கையால் எடையிடப்பட்டது. நிறைய எறிபவர்கள் பொதுவாக நன்றாகவும் எறிபவர்கள். 3-க்கு 2 போட்ட ஒரு சென்டரை 36 நோக்கி இழுப்பது அவருக்குச் சலுகை கொடுப்பதாகாதா?

பதில்: ஆகும், சார். சூத்திரம் அவருக்கு 36.4 கொடுக்கிறது, நம்பத்தகாத விடை அது. அவர் மூன்றே ஷாட் எறிந்தார் என்பதே ஒரு தகவல். ஆட்டத்துக்கு எத்தனை எறிகிறார் என்பதைப் பொறுத்து பிரையரின் மையத்தை மாற்றுவதுதான் முறை. குறைந்தபட்சம், கூடுதலாக எறிபவர்களுக்கும் அரிதாக எறிபவர்களுக்கும் தனித்தனிச் சராசரியும் தனித்தனி எடையும் எடுங்கள்.

மையம் பழசாகிவிடுவதும் உண்டு. 1994-95 பருவத்தில் என்பிஏ மூன்று புள்ளிக் கோட்டை எல்லாப் பக்கமும் 22 அடிக்குக் கொண்டுவந்தது. லீக் சராசரி முந்தைய பருவத்தின் 33.3-இலிருந்து 35.9-க்கு ஏறியது. பழைய பிரையரோடு அந்தப் பருவத்தைத் தொடங்கியவர் எல்லோரையும் குறைத்தே மதிப்பிட்டிருப்பார். அந்த மாதிரி நேரத்தில் முதல் இரண்டு வாரத்தில் லீக் முழுவதும் சேர்ந்து எறிந்த சதவீதத்தைப் பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கான ஷாட் என்பதால் அது சீக்கிரம் நிலைக்கும்.

சுந்தர்: ஷாட்டின் கடினம்? மூலையிலிருந்து ஆளில்லாமல் எறிந்த 40-ம், தடுப்பவர் கை முகத்தில் இருக்க எறிந்த 40-ம் ஒன்றா?

பதில்: ஒன்றில்லை. என்பிஏ-வில் இப்போது மூலையில் கோடு 22 அடி, உச்சியில் 23 அடி 9 அங்குலம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிர்பார்ப்புச் சதவீதம் கொடுத்து, கார்த்திக்கின் ஆள் எறிந்த 40-க்கு அந்தக் கூட்டுத்தொகை 14.4-க்குப் பதில் 16 என்று வந்தால், அவர் மிஞ்சியது 5.6 ஷாட் அல்ல, 4 தான். அந்த மிச்சத்தைத்தான் சுருக்க வேண்டும். ஆனால் எளிய ஷாட்டைத் தேடி நிற்பதும் ஒரு திறமை. அதைக் கழித்துவிடுவதா, அவர் கணக்கிலேயே விடுவதா என்பதில் எனக்கு இன்னும் உறுதியில்லை. வேறு அணிக்கு மாறப்போகிறவர் என்றால் கழிப்பேன். அதே அணியில் அதே வேலையைத் தொடர்பவர் என்றால் விட்டுவிடுவேன்.